ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை உடைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீடு 1991-ல் அப்பா கட்டியது. 2004-ல் மேலே ஒரு மாடி எடுத்தோம். இப்போது ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை 8 அடி அகலத்துக்குத் திறந்துவிட ஆசை. "இது வெறும் தடுப்புச் சுவர்தான், நாலு ஜாக்கி வைத்து ஒரே நாளில் உடைத்துவிடலாம்" என்கிறார் மேஸ்திரி. அது தடுப்புச் சுவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜாக்கி எப்படி வைக்க வேண்டும்?

பதில்:

உங்கள் வீடு பில்லர் வீடா, சுவர் வீடா என்பதை முதலில் பாருங்கள். 1991-ல் நம் பக்கத்தில் கட்டிய தனி வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பில்லர் கிடையாது. கடைக்கால் மேல் சுவர், சுவர் மேல் கான்கிரீட் தளம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில் சுவர்தான் பில்லர். பில்லர் வீடாக இருந்தால் அறை மூலைகளில் பில்லர் கொஞ்சமாவது துருத்திக்கொண்டு இருக்கும், கூரைக்கு அடியில் பீம் இறங்கியிருக்கும். சந்தேகம் வந்தால், மூலையில் இடுப்பளவு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பாருங்கள். செங்கல் தெரிந்தால் அந்த மூலையில் பில்லர் இல்லை. நாலு மூலையிலும் இப்படித்தான் என்றால் உங்களுடையது சுவர் வீடு. இனிமேல் சொல்வதெல்லாம் சுவர் வீட்டை மனதில் வைத்துத்தான்.

அடுத்து கனம். கதவு நிலை இருக்கும் இடத்தில் நிலையை விட்டுவிட்டு, சுவரின் ஒரு பூச்சு முகத்திலிருந்து மறு பூச்சு முகம் வரை அளந்து பாருங்கள். 10 அங்குலம் வந்தால் அது 9 அங்குலச் சுவர், ஐந்தரை வந்தால் நாலரை அங்குலச் சுவர். சுவர் வீட்டில் 9 அங்குலச் சுவர் எதுவாக இருந்தாலும், சுமை தாங்கவில்லை என்று நிரூபிக்கும்வரை தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நாலரைச் சுவர் என்றதும் தைரியமாக உடைத்துவிடக் கூடாது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். கனம் ஒரு தடயம்தான், தீர்ப்பு ஆகாது. சுவரைத் தட்டி, சத்தத்தை வைத்துச் சொல்லும் ஆட்களும் உண்டு. செங்கல் சுவரில் சத்தம் எதையும் சொல்லாது. பூச்சு உப்பியிருந்தாலே சத்தம் மாறிவிடும்.

மூன்றாவதாக, மாடிக்குப் போய் அதே சுவருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கண்ணால் உத்தேசமாகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வீட்டின் வெளிச்சுவரின் வெளி முகத்திலிருந்து ஜன்னல் வழியாக டேப் பிடித்து, கீழே எத்தனை அடியில் சுவர் வருகிறது, மேலே எத்தனை அடியில் வருகிறது என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். நேர் மேலே சுவர் இருந்தால், அந்தச் சுவரின் எடையும் அது தாங்கும் மொட்டைமாடித் தளத்தின் எடையும் கீழ்ச் சுவரில்தான் இறங்குகின்றன. மொட்டைமாடிக்கும் ஏறிப் பாருங்கள். அந்தச் சுவருக்கு மேலே 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன்.

இப்போது நான் அதிகம் நம்பும் சோதனைக்கு வருகிறேன். சுவரும் கூரையும் சேரும் இடத்தைத் திறந்து பார்ப்பதுதான் அது. சுவரின் நடுப்பகுதியில், கூரையை ஒட்டி, ஒரு முழ நீளத்துக்குப் பூச்சை உளியால் கொத்தி எடுங்கள். மேல் வரிசையில் ஒரே ஒரு செங்கல்லின் பாதியை மட்டும் பக்குவமாக வெளியே எடுங்கள். இதனால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, கலவை வைத்து மூடிவிடலாம். அந்தத் துவாரத்துக்குள் டார்ச் அடித்துத் தளத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

தளம் போடும்போதே அந்தச் சுவர் அங்கே இருந்திருந்தால், கான்கிரீட் அதன் மேல்தான் கொட்டப்பட்டிருக்கும். செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் இடைவெளி இருக்காது. மேல் வரிசை முழுச் செங்கல்லாக ஒழுங்காக இருக்கும். கான்கிரீட்டின் அடிமுகம் சொரசொரப்பாக, செங்கல்லின் அச்சோ மெல்லிய கலவைப் படுகையோ பதிந்ததாக இருக்கும். சில இடங்களில் சிமென்ட் பால் செங்கல் முகத்தில் வழிந்து காய்ந்திருக்கும். சென்ட்ரிங் பலகையின் கோடுகள் சுவரின் முகத்தோடு நின்றுவிடும். இது சுமை தாங்கும் சுவர்.

தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்த பிறகு எழுப்பிய சுவர் என்றால் கதை வேறு. கடைசி வரிசைக்கு முழுக் கல் நுழைந்திருக்காது. துண்டுக் கல்லைச் சொருகி, கலவையை அடைத்திருப்பார்கள். தளத்தின் அடிமுகம் பலகை பட்ட மழமழப்போடு, பலகைக் கோடுகள் சுவருக்கு மேலேயே குறுக்காக ஓடும். கூரைப் பூச்சு முதலில் முடிந்து அதற்குக் கீழே சுவர் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சுவர்களில் கூரையை ஒட்டி மயிரிழை வெடிப்பு ஒன்று நீளமாக ஓடுவது வழக்கம். இது தடுப்புச் சுவர்.

மூன்றாவதாக ஒன்றும் வரலாம். துவாரத்தில் செங்கல்லே வராமல் ஒரு சாண் உயரத்துக்குக் கான்கிரீட் மட்டுமே தெரிந்தால், பூச்சுக்குள் ஒரு பீம் மறைந்திருக்கிறது. அப்போது பீமின் இரண்டு முனையும் எதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன, நடுவில் உள்ள சுவருக்கு வேலை உண்டா என்பதை இன்ஜினியர்தான் சொல்ல முடியும்.

அடிப்பக்கமும் ஓரளவு உதவும். சுவரை ஒட்டி ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பாருங்கள். தரைக் கான்கிரீட்டின் மேலேயே சுவர் தொடங்கினால் அது பெரும்பாலும் தடுப்பு. தரையைத் தாண்டிக் கீழே இறங்கினால் அதற்கெனக் கடைக்கால் போட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் நாலரைச் சுவருக்கும் சின்னக் கடைக்கால் போடுகிற பழக்கம் உண்டு. அதனால் மேல்பக்கத் துவாரம் சொல்வதையே பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் வேலை சுலபம். தேக்குக் கட்டைகளின் முனை எந்தச் சுவரில் நுழைகிறதோ அது தாங்கும் சுவர். அடுக்குமாடி வீட்டில் சுவரே கான்கிரீட்டாக வார்க்கப்பட்டிருந்தால் அதில் கை வைக்கும் பேச்சே வேண்டாம்.

தடுப்புச் சுவர் என்று தெரிந்த பிறகும் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் நாலரை அங்குலச் சுவரை எடுத்துக்கொண்டிருந்தோம். மேலே சுவர் இல்லை, மேல் வரிசையில் துண்டுக் கல், எல்லாம் தடுப்புச் சுவரின் லட்சணம். முட்டு எதுவும் வைக்கவில்லை, அது என் தவறு. கூரையை ஒட்டிக் கட்டிங் மெஷின் வைத்து அறுத்துக்கொண்டு போனபோது நாலாவது அடியில் பிளேடு இறுகி நின்றுவிட்டது. வெட்டிய கோடு மூடிக்கொண்டு வந்ததுதான் காரணம். தளம் மெலிசு. இருபது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து அந்தச் சுவரின் மேல் சாய்ந்து நின்றிருக்கிறது. தாங்குவதற்காகக் கட்டாத சுவர் தாங்கப் பழகிவிட்டது. உடனே வேலையை நிறுத்தி, இருந்த சவுக்குக் கம்புகளை வைத்து முட்டுக் கொடுத்து, இன்ஜினியரை வரவழைத்து, கடைசியில் அங்கே ஒரு இரும்பு பீம் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து எந்தச் சுவராக இருந்தாலும் உடைக்கும் முன் இரண்டு பக்கமும் ஜாக்கி வைக்காமல் நான் தொடங்குவதில்லை. பிளேடு இறுகினால் அது தளம் கீழே இறங்குகிறது என்ற செய்தி. மெஷினைக் குறை சொல்லிவிட்டு மேலே போகக் கூடாது.

தாங்கும் சுவரை எடுத்தால் தளத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுச்சுவரின் மேல் தொடர்ந்து போகும் தளத்தில், சுவருக்கு நேர் மேலே முக்கியமான கம்பி தளத்தின் மேல்பக்கம் இருக்கும். அறையின் நடுவில் அது அடிப்பக்கம் இருக்கும். சுவரை எடுத்துவிட்டால் அதே இடம் இப்போது ஒரு பெரிய அறையின் நடுப்பகுதி. கம்பி கீழே வேண்டும், ஆனால் இருப்பதோ மேலே. அது போதாதென்று, இரண்டு பக்கமும் ஒரே அகலம் என்றால் தளம் தாண்ட வேண்டிய தூரம் இரட்டிப்பாகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். "தளம் ஸ்ட்ராங்காக இருக்கிறது, சும்மாவே நிற்கும்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உடைத்த அன்று நிற்கலாம். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டைப் போலவே ஒரு வீட்டில் நாங்கள் செய்த வேலையைக் கணக்கோடு சொல்கிறேன். ஹால் அகலம் 12 அடி, சாப்பாட்டு அறை 10 அடி, நடுவில் 12 அடி நீள 9 அங்குலச் சுவர். மேலே மாடியில் நேராக இன்னொரு 9 அங்குலச் சுவர், அதற்கு மேல் மொட்டைமாடி. அவர்களும் 8 அடி திறப்புத்தான் கேட்டார்கள்.

நடுச்சுவர் இரண்டு பக்க அறைகளிலும் பாதிப் பாதித் தளத்தைச் சுமக்கிறது. அதாவது 6 அடியும் 5 அடியும் சேர்ந்து 11 அடி. 5 அங்குலத் தளம் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ, தரை வேலை 10, மனிதர்களும் சாமான்களும் 20. மொத்தம் 60. சுவரின் ஒவ்வொரு அடி நீளத்துக்கும் 660 கிலோ. மாடியில் 10 அடி உயரச் சுவர் ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 450 கிலோ. மொட்டைமாடியில் தளம் 30, செங்கல் ஜல்லி சுருக்கியும் தட்டோடும் 20, ஆட்கள் நடமாட்டம் 15 என்று 65 வைத்தால், ஓர் அடிக்கு 715 கிலோ. எல்லாம் சேர்த்து, கீழ்ச் சுவரின் ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய 1,800 கிலோ சுமக்கிறது. 8 அடி திறந்தால் பதினாலரை டன் புதிய பீமுக்குப் போகும்.

பீம் செய்வது பெரிய விஷயமில்லை. அந்தப் பதினாலரை டன் பீமின் இரண்டு முனையில் எங்கே இறங்குகிறது என்பதுதான் பலரும் மறக்கும் இடம். 12 அடிச் சுவரில் 8 அடி போனால் இரண்டு ஓரத்திலும் 2 அடி சுவர்தான் மிஞ்சும். அந்த 2 அடித் துண்டு முன்பு சுமார் மூன்றரை டன் சுமந்தது. இப்போது பீமிலிருந்து ஏழு டன்னுக்கு மேல் கூடுதலாக வரும். மூன்று மடங்கு. இன்ஜினியர் அந்த ஓரத்தில் குழி தோண்டிக் கடைக்காலையும் பார்த்தார், பிறகு 8 அடி வேண்டாம் என்றார். 6 அடியாகக் குறைத்தபோது ஓரத்தில் 3 அடி சுவர் நின்றது, அதன் சுமை இரண்டு மடங்கோடு நின்றது, அதைச் செங்கல்லும் கடைக்காலும் தாங்கும் என்று கணக்கு வந்தது. 8 அடிதான் வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் புதிய கடைக்கால் போட்டுக் கான்கிரீட் பில்லர் எழுப்ப வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் வீட்டுக்காரர் 6 அடிக்குச் சம்மதித்தார். பீமுக்கு 200 மில்லிமீட்டர் இரும்பு சேனல் இரண்டு. வலிமைக்கு 150 மில்லிமீட்டரே போதும், ஆனால் அது நாலு மில்லிமீட்டர் தொய்யும். மேலே செங்கல் சுவர் நிற்கும்போது அந்தத் தொய்வே வெடிப்புக்குப் போதும். இந்த அளவுகள் அந்த வீட்டுக்கு உரியவை. உங்கள் வீட்டுக்குக் கட்டட வடிவமைப்பு தெரிந்த இன்ஜினியர் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

இனி முட்டு. ஜாக்கி எதைத் தொடுகிறதோ அதை மட்டும்தான் தாங்கும். கீழே ஜாக்கி வைத்தால் முதல் தளம் தாங்கப்படும். மாடிச் சுவரும் மொட்டைமாடித் தளமும் இன்னும் நடுச்சுவரின் மேல்தான் நிற்கின்றன. அதனால் மாடியிலும் ஜாக்கி வேண்டும், அது மொட்டைமாடித் தளத்தைத் தாங்க வேண்டும், அதன் கால் கீழ்த்தள ஜாக்கியின் தலைக்கு நேர் மேலே இருக்க வேண்டும். அரை அடி தள்ளி வைத்தாலும் நடுவில் உள்ள தளத்தை நீங்களே குத்துகிறீர்கள் என்று அர்த்தம். நேராக இருக்கிறதா என்று பார்க்க, கீழேயும் மேலேயும் ஒரே வெளிச்சுவரிலிருந்து அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வரிசை சுவரின் இரண்டு பக்கமும், சுவரிலிருந்து இரண்டு முதல் இரண்டரை அடி தள்ளி. அதற்கு மேல் விலகினால் முட்டுக்கும் சுவருக்கும் நடுவில் தளம் தொங்கும், அதைவிட நெருங்கினால் ஆள் நின்று வேலை செய்ய முடியாது. இரண்டு தளத்திலும் ஆட்களையும் சாமான்களையும் காலி செய்துவிட்டால், கணக்கில் மனிதர்களுக்கு வைத்த எடை கழிந்துவிடும். அப்போது இரண்டு தளமும் சேர்ந்து சுவரின் ஓர் அடிக்குச் சுமார் 990 கிலோ, அதை இரண்டு வரிசையாகப் பிரித்தால் வரிசைக்கு 500 கிலோ. வாடகைக்கு வரும் ஜாக்கி ஒன்றுக்கு ஒரு டன்னுக்கு மேல் நான் கணக்கு வைப்பதில்லை. புது ஜாக்கி அதைவிட அதிகம் தாங்கும், ஆனால் வாடகைக் கடையில் வருவது துருப்பிடித்து, கொஞ்சம் வளைந்து, நீட்டி வைத்தால் இன்னும் பலம் குறைந்ததாக இருக்கும். ஓர் அடிக்கு அரை டன், ஜாக்கிக்கு ஒரு டன் என்றால் 2 அடிக்கு ஒன்று. 6 அடித் திறப்புக்கு இரண்டு ஓரமும் ஓர் அடி கூடுதலாக 8 அடி வரிசை, வரிசைக்கு ஐந்து. கீழே பத்து, மேலே பத்து. உங்கள் மேஸ்திரி சொன்ன நாலு ஜாக்கிக்கும் இந்த இருபதுக்கும் உள்ள தூரத்தை அவரிடமே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிப் பேசுங்கள்.

ஜாக்கியின் தலைக்கும் தளத்துக்கும் நடுவில் சுவருக்கு இணையாக ஒரே நீளமான கட்டையோ இரும்பு சேனலோ ஓட வேண்டும். தனித்தனித் தகடு தளத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தும். காலடியிலும் அப்படித்தான், குறைந்தது 2 அங்குலக் கனமும் 9 அங்குல அகலமும் உள்ள பலகை முழு நீளத்துக்கு. தரைத்தளத்தில் டைல்ஸுக்குக் கீழே இருப்பது மெல்லிய கான்கிரீட், அதற்கும் கீழே நிரப்பிய மணல். ஒரு டன் எடை உள்ளங்கை அளவுத் தகட்டில் இறங்கினால் டைல்ஸ் உடைந்து ஜாக்கி அமிழும். ஜாக்கி அமிழ்ந்தால் அது வெறும் அலங்காரம்தான். எந்த இடத்தில் டைல்ஸ் தட்டினால் பொத்தென்று கேட்கிறதோ, அங்கே டைல்ஸை எடுத்துவிட்டுப் பலகையைக் கான்கிரீட்டிலேயே வையுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நான் ஒவ்வொரு முறையும் நானே நின்று பார்ப்பது: ஜாக்கியின் பின். உள் குழாயையும் வெளிக் குழாயையும் பிடித்திருப்பது அந்த ஒரே பின்தான். தொலைந்துபோனால் ஆட்கள் கையில் கிடைத்த 8 மில்லிமீட்டர் கம்பித் துண்டைச் சொருகிவிடுவார்கள். ஒரு டன்னும் அந்தக் கம்பியில்தான் நிற்கும். அது வளைந்துகொண்டே வந்து ஒரு கணத்தில் அறுந்துவிடும். அதற்கென உள்ள கெட்டியான பின் இல்லாத ஜாக்கியை வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள். தூக்குக்குண்டு பிடித்து ஒவ்வொன்றும் நேராக நிற்கிறதா பாருங்கள், வரிசை முழுவதையும் குறுக்குக் குழாய் வைத்து கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். ஆள் இடித்தால் ஒன்று சாயக் கூடாது.

எவ்வளவு முறுக்குவது? தளத்தைத் தூக்கக் கூடாது, தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கையால் திருகி இறுகிய பிறகு கால் சுற்று போதும். கம்பியை நீட்டிப் போட்டு முழு பலத்தோடு முறுக்கினால் தளம் மேல்நோக்கி வளையும், மாடித் தரையில் புதிதாக ஒரு வெடிப்பு வரும். அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு "சுவரை எடுத்ததால் வந்தது" என்று நினைப்பார்கள். முறுக்கியதால் வந்தது.

இதெல்லாம் வைத்த பிறகும் மாடிச் சுவரின் எடை, அடிக்கு 450 கிலோ, கீழ்ச் சுவரின் மேல்தான் இருக்கிறது. அதனால் சுவரை மொத்தமாக உடைத்துவிட்டுப் பிறகு பீம் வைப்பது என்ற வரிசையே தவறு. பீம் முதலில், உடைப்பது பிறகு. நாங்கள் செய்தது பாதிப் பாதி முறை. முதலில் பீமின் முனை உட்காரும் இரண்டு இடங்களில் மட்டும் செங்கல்லை எடுத்து, சுவரின் முழு அகலத்துக்குக் கான்கிரீட் பெட் பிளாக் வார்த்து ஒரு வாரம் தண்ணீர் விட்டோம். பிறகு ஹால் பக்கம், கூரைக்குச் சற்றுக் கீழே, சுவரின் பாதிக் கனத்துக்கு, அதாவது நாலரை அங்குல ஆழத்துக்கு மட்டும் நீளமாகக் கொத்தி, ஒரு சேனலைப் பெட் பிளாக் மேல் உட்கார வைத்தோம். அந்த நேரத்தில் மறுபாதிச் சுவர் மாடிச் சுவரைச் சுமந்துகொண்டிருந்தது. சேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி. அதில் ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணல் கலவையை, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு மட்டும் ஈரத்தோடு, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினோம். தளர்வான கலவையை அள்ளிப் பூசினால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். அப்புறம் சுவரை எடுத்ததும் தளம் அந்த இடைவெளிக்கு இறங்கித்தான் பீமைத் தொடும். மாடிச் சுவரில் மூலைவாட்டில் வெடிப்பு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பீம் பலவீனம் என்று பழி போடுவார்கள், பீமின் மேல் ஒழுங்காக அடைக்காததுதான் நிஜம்.

மூன்று நாள் விட்டு, சாப்பாட்டு அறைப் பக்கம் மறுபாதியைக் கொத்தி இரண்டாவது சேனல். அதையும் அடைத்து, இரண்டையும் போல்ட் போட்டு இணைத்து, நடுவில் கான்கிரீட் நிரப்பி ஒரு வாரம் விட்டோம். அதற்குப் பிறகுதான் கீழே 6 அடிச் சுவரைத் தொட்டோம். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழ்வரை மெஷினில் நேராக அறுத்துவிட்டு, மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக உளியால் எடுத்தோம். பெரிய பிரேக்கர் மெஷினைக் கொண்டுவந்தால் அதிர்வு மிச்சம் நிற்க வேண்டிய 3 அடிச் சுவரின் கலவையையும் உதிர்த்துவிடும். சுவருக்குள் ஓடும் கரண்ட் பைப்பையும் தண்ணீர்க் குழாயையும் முன்பே மாற்றிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன்பே மாடிச் சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளின் முனைகளில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். கீழே ஹாலில், சுவருக்கு ஓர் அடி தள்ளி, தரையிலிருந்து கூரைவரை சரியாகப் பொருந்தும் ஒரு நேரான குச்சியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் அதே புள்ளியில் நிறுத்திப் பாருங்கள். குச்சி இறுகினால் தளம் இறங்குகிறது. மாடியில் நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று உரசினாலும் அதுதான் பொருள். ஒரு ஜாக்கி கையால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்ந்துவிட்டது, பக்கத்து ஜாக்கியைத் திருகவே முடியவில்லை என்றால் சுமை இடம் மாறிவிட்டது. இவற்றில் எது வந்தாலும் கல் எடுப்பதை நிறுத்தி, எல்லாரும் வெளியே வந்து, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். தளர்ந்த ஜாக்கியை முறுக்கிவிட்டு வேலையைத் தொடரும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

முட்டு எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மாடி ஜாக்கிகள், பிறகுதான் கீழ்த்தளம். கீழே உள்ளதை முதலில் எடுத்தால், மொட்டைமாடியின் எடை மாடி ஜாக்கிகள் வழியாக, அடியில் முட்டு இல்லாத முதல் தளத்தின் மேல் இறங்கும். ஒவ்வொரு வரிசையிலும் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போங்கள், ஒவ்வொன்றையும் கால் சுற்று தளர்த்தி, ஒரு முழு வரிசை முடிந்ததும் திரும்ப நடுவுக்கு வாருங்கள். எல்லாம் தளர்ந்த பிறகு ஜாக்கிகளை அன்றே வண்டியில் ஏற்றிவிடாமல், கூரைக்கும் தலைக்கும் ஒரு விரல் இடைவெளியோடு இரண்டு நாள் அப்படியே நிறுத்தி வையுங்கள். அந்த வீட்டில் மூன்றாம் நாள் குச்சியை வைத்துப் பார்த்தபோது ஒரு நூல் அளவுக்குத்தான் இறுகியிருந்தது, பென்சில் கோடுகளைத் தாண்டி எந்த வெடிப்பும் போகவில்லை. அதற்குப் பிறகுதான் சேனலுக்குக் கோழி வலை சுற்றிப் பூசினோம்.